ஒரு காது மட்டும் மந்தமானால் எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. ஏழெட்டு மாசமா இடது காது மட்டும் மந்தமா இருக்கு, ராத்திரி பகல் இல்லாம அதே காதுல ‘கீ’ன்னு சத்தம். வலி, சீழ் எதுவும் இல்லை. காது டாக்டர் ஆடியோகிராம் பார்த்துட்டு, அக்கூஸ்டிக் நியூரோமா இருக்கான்னு பார்க்கணும்னு எம்.ஆர்.ஐ. எழுதிட்டார். காதுக்கு எதுக்கு மூளை ஸ்கேன்? அப்படி இருந்துட்டா ஆபரேஷன்தானா?

பதில்:

அக்கூஸ்டிக் நியூரோமா என்பது காதுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பில் வரும் ஒரு கட்டி. அதைத் தேடி எடுக்கிற ஸ்கேன்களில் பெரும்பாலானவை ‘கட்டி இல்லை’ என்றுதான் வரும். நூறு பேருக்கு எடுத்தால் ஒரு சிலரிடம்தான் அகப்படும். தெரிந்தேதான் மருத்துவர் எழுதுகிறார். ஏன் என்பதற்கான விடை உங்கள் கேள்வியிலேயே, ‘இடது காது மட்டும்’ என்கிற இடத்தில் இருக்கிறது.

வயதானால் இரண்டு காதும் மங்கும். இருபது வருடம் விசைத்தறிச் சத்தத்தில் நின்றவருக்கு இரண்டு காதும் போகும். சர்க்கரை நோயும் சரி, காதைக் கெடுக்கும் சில ஊசி மருந்துகளும் சரி, இடம் வலம் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் குறைகிறது என்றால் அந்தப் பக்கத்தில் என்னவோ இருக்கிறது என்று பொருள். அழுக்கு அடைப்பு, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர் போன்றவை காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவை இல்லை, குறை நரம்புப் பக்கம் என்று தெரிந்தபின் மருத்துவரால் கண்ணால் பார்க்க முடியாத இடம்தான் மிச்சம்.

குறை எந்தப் பக்கம் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை உண்டு. அப்பாவை வாய் மூடி ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகச் சொல்லுங்கள். அழுக்கு, நீர் போன்ற அடைப்பு என்றால் சத்தம் கேட்காத காதில்தான் பலமாக ஒலிக்கும். உள்காதிலோ நரம்பிலோ குறை என்றால் நல்ல காதுக்குப் போய்விடும். மருத்துவர் நெற்றியில் இசைக்கவையை வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். இது மருத்துவர் செய்யும் சோதனைக்கு மாற்று அல்ல. அவர் ஏன் ‘நரம்பு’ என்றார் என்று புரிந்துகொள்ள உதவும்.

காதுக்கும் மூளைக்கும் நடுவே, எலும்புக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்று இருக்கிறது. அகலம் ஐந்து மில்லிமீட்டர் அளவு. ஒரு பென்சில்கூட நுழையாது. கேட்கும் நரம்பு, உடல் சமநிலைக்கான இரண்டு நரம்புக் கிளைகள், முகத்தை அசைக்கும் நரம்பு, உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனி எல்லாம் இதற்குள்தான் நெருக்கியடித்துக் கொண்டு போகின்றன. அக்கூஸ்டிக் நியூரோமா பெரும்பாலும் இந்தக் குழாய்க்குள்தான் தொடங்குகிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கேட்கும் நரம்பில் வருவதல்ல, சமநிலை நரம்பைச் சுற்றியிருக்கும் உறைச் செல்களில் வருவது. அதனால்தான் ஸ்கேன் அறிக்கையில் ‘வெஸ்டிபுலார் ஷ்வானோமா’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இது புற்றுநோய் அல்ல, வேறு இடத்துக்குப் பரவாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது.

சமநிலை நரம்பில் வரும் கட்டிக்குத் தலைசுற்றல்தானே முதலில் வர வேண்டும்? பெரும்பாலும் வருவதில்லை. கட்டி மிக மெதுவாக வளர்வதால் அந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செயலிழக்கிறது. மூளை எதிர்ப்பக்கத்து நரம்பையும் கண்ணையும் வைத்துச் சமாளித்துவிடுகிறது. இருட்டில் நடக்கும்போது லேசாகத் தள்ளாடுவதோடு சரி. கேட்கும் நரம்புக்கு அப்படி மாற்று ஏற்பாடு இல்லை. எலும்புக் குழாய் விரிந்து கொடுக்காது, நரம்பு நசுங்குகிறது, தமனியும் அழுத்தப்படலாம். எனவே குறை கேட்பதில்தான் தெரியும். இரைச்சலும் அங்கிருந்தே வருகிறது: அந்தக் காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்ததும் மூளையின் கேட்கும் பகுதி தன் ‘வால்யூமை’த் தானே கூட்டிக்கொள்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் சிகிச்சை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இப்போது ஆடியோகிராமை எடுத்துப் பாருங்கள். நீல நிறப் பெருக்கல் குறி இடது காது, சிவப்பு வட்டம் வலது. கோடு கீழே போகப் போகக் கேட்பது மோசம். ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். வலது காது 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் முறையே 15, 20, 20, 30 டெசிபல். இடது காது 25, 30, 45, 65. தாழ்ந்த சுருதியில் வித்தியாசம் பத்து, மேலே போனால் முப்பத்தைந்து. அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் இப்படி 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் எழுதுவது பொதுவான வழக்கம். எல்லைக் கோடு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். 3000 ஹெர்ட்ஸ் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்களும் உண்டு.

அதைவிட முக்கியமான எண் ஒன்று அதே தாளில் ஓரமாக இருக்கும்: பேச்சு புரியும் சதவீதம். சொற்களைக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லி, எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று எண்ணுவது. மேலே சொன்ன இடது காதின் சராசரி சுமார் 41 டெசிபல்தான். உள்காது மட்டும் பழுதடைந்து இவ்வளவு குறைந்தவர் சொற்களில் பெரும்பகுதியைச் சரியாகச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் 36 சதவீதம் என்று வந்தால், ஒலி உள்ளே போகிறது, நரம்பு வழியே ஒழுங்காகக் கடத்தப்படவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டவர்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கும்: ‘போனை இந்தக் காதில் வைத்தால் சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை.’ அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆடியோகிராமிலேயே ஒரு பிசகு நடப்பதுண்டு. மோசமான காதுக்குக் கொடுக்கும் சத்தம் சுமார் 40 டெசிபலைத் தாண்டும்போது மண்டை எலும்பு வழியாக நல்ல காதுக்குக் கசிந்துவிடும். நல்ல காதில் ‘ஷ்ஷ்’ என்ற மறைப்பு ஓசையைப் போட்டுக்கொண்டுதான் மற்றக் காதைச் சோதிக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால், உண்மையில் மிக மோசமாக இருக்கும் காது பாதியளவு நன்றாக இருப்பதாகக் கோடு வரும். சோதனையின்போது எதிர்க்காதில் இரைச்சல் போட்டார்களா என்று அப்பாவைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

சரி, எம்.ஆர்.ஐ.தான் எடுக்க வேண்டுமா? மலிவான வழிகள் இரண்டு உண்டு, இரண்டுமே சிறிய கட்டியை விட்டுவிடக்கூடியவை. சி.டி. ஸ்கேன் எலும்பை அழகாகக் காட்டும், குழாய்க்குள் இருக்கும் ஐந்தாறு மில்லிமீட்டர் கட்டியைக் காட்டாது. தலையில் ஒட்டுக்கம்பிகள் வைத்து ‘டிக் டிக்’ ஒலி கொடுத்து நரம்பின் வேகத்தை அளக்கும் பெரா சோதனை, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளைப் பெரும்பாலும் பிடித்துவிடும். அதற்குக் கீழே நம்பிக்கை குறைவு. சிறியதாக இருக்கும்போது பிடிப்பதுதான் நோக்கம் என்பதால் அவை போதாது. எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவராத சில வகைப் பேஸ்மேக்கர் போன்றவை உடலில் இருப்பவர்களுக்குத்தான் அவை மாற்று.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களில் சிலருக்குத் தவறான எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டிருக்கும். வழக்கமான மூளை எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு வெட்டும் ஐந்து மில்லிமீட்டர் தடிமன். குழாயின் அகலமே அவ்வளவுதான் என்றேனே; கட்டி இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். தேவையானது உள்செவிக் குழாய்க்கென்றே எடுக்கும் மெல்லிய வெட்டுப் படங்கள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில். எந்திரத்தின் தயாரிப்பைப் பொறுத்து அதை ‘சிஸ்’ என்றோ ‘ஃபியஸ்டா’ என்றோ சொல்வார்கள். அந்தப் படத்தில் மூளை நீர் பால் வெள்ளையாகவும், அதில் நான்கு நரம்புகளும் கறுப்பு நூல் போலவும் தெரியும். வெள்ளைக்குள் ஒரு கறுப்பு மொட்டு இருந்தால் அதுதான் சந்தேகம். உறுதிசெய்யக் கடோலினியம் ஊசி போட்டு மறுபடி எடுப்பார்கள். கட்டி இருந்தால் பளிச்சென்று ஒளிரும். கட்டி குழாயைத் தாண்டி வெளியே வந்திருந்தால் கோன் ஐஸ்கிரீம் போலவே இருக்கும்: குழாய்க்குள் கூம்பு, வெளியே உருண்டை. சீட்டில் ‘உள்செவிக் குழாய்’ என்று எழுதியிருக்கிறதா என்று போகும் முன்பே பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். எந்திரம் பெருஞ்சத்தம் போடும், காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இடையில் ஒன்று. ஒரு காது ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளில் திடீரென்று அடைத்துப்போனால் அது வேறு கணக்கு. அங்கே ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்தில் காது சரியாகிவிட்டது, அதனால் ஸ்கேன் வேண்டாம் என்றும் விடக் கூடாது. கட்டியால் வரும் திடீர்ச் செவிடும் சில நேரம் ஸ்டீராய்டில் தேறிவிடும்.

கட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். குழாயிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும் பகுதி 9 மில்லிமீட்டர், மூளைத்தண்டைத் தொடவில்லை. உடனே வரும் கேள்வி, ‘எடுத்துவிட்டால் காது திரும்புமா?’ திரும்பாது. காத்திருப்பது, கதிர்வீச்சு, அறுவை என்று வழிகள் மூன்று; போன கேட்கும் திறனை இவற்றில் எதுவுமே மீட்டுத் தராது. இரைச்சலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அதை இப்போது உண்டாக்குவது கட்டி அல்ல, மூளை. சிகிச்சையால் காப்பாற்றப் பார்ப்பது முக நரம்பையும் மூளைத்தண்டையும். இதைப் புரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவுகள்தான் பின்னால் வருத்தத்தில் முடிகின்றன.

9 மில்லிமீட்டருக்கு முதல் வழி, எதுவும் செய்யாமல் அளந்துகொண்டே இருப்பது. இது கைவிடுவதல்ல. இந்தக் கட்டிகளில் பெரும்பகுதி பல ஆண்டுகள் வளராமலே இருக்கின்றன. வளர்பவையும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஐந்து ஆண்டு வரை வருடம் ஒன்று, அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்பது பழக்கத்தில் உள்ள முறை. அளவில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்பார்கள். அதற்குக் குறைந்த வித்தியாசம் அளப்பவர் கையிலேயே வந்துவிடும். இங்கே நடக்கும் தவறு ஒன்று: ஒவ்வொரு அறிக்கையையும் போன வருடத்து அறிக்கையோடு மட்டும் ஒப்பிடுவது. வருடம் ஒன்றரை மில்லிமீட்டராக வளர்ந்தால் ஒவ்வொரு முறையும் ‘மாற்றமில்லை’ என்றே வரும், நான்கு வருடத்தில் ஆறு மில்லிமீட்டர் கூடியிருக்கும். எனவே முதல் ஸ்கேனின் படங்கள் உள்ள குறுந்தகட்டைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு முறையும் கொடுங்கள். அளவு குழாய்க்குள் இருப்பதையும் சேர்த்தா, வெளியே இருப்பது மட்டுமா என்றும் கேளுங்கள். ஓரிடத்தில் சேர்த்தும் மற்றோரிடத்தில் சேர்க்காமலும் எழுதினால் வளராத கட்டி ஒரு சென்டிமீட்டர் ‘வளர்ந்துவிடும்’.

காத்திருக்கும்போது கேட்பது குறையுமா? குறையலாம், கட்டி அசையாமல் இருந்தாலும்கூட. பத்து ஆண்டில் பாதிப் பேருக்கு மேல் அந்தக் காதில் பயனுள்ள கேட்கும் திறனை இழக்கிறார்கள். ஆனால் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர்களிலும் பத்து ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய அதேதான்.

அந்தக் கதிர்வீச்சு இரண்டாவது வழி. காமா கத்தி என்று பெயர், கத்தி எதுவும் கிடையாது. மண்டையில் உணர்ச்சி மரத்துப்போக ஊசி போட்டு நான்கு திருகுகளில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, ஏறக்குறைய இருநூறு மெல்லிய கோபால்ட் கதிர்களைக் கட்டியில் மட்டும் சந்திக்க வைப்பார்கள். கட்டியின் ஓரத்துக்குக் கிடைக்கும் கதிரின் அளவு 12 அல்லது 13 கிரே, ஒரே நாளில் முடியும். இந்த முறையை உருவாக்கிய ஸ்வீடன் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் இந்தக் கட்டிக்கு அதை முதலில் பயன்படுத்தியது 1969-இல். சைபர்நைஃப் போன்ற கருவிகளில் அதையே மூன்று அல்லது ஐந்து தவணையாகக் கொடுப்பதும் உண்டு. நோக்கம் கட்டியை அழிப்பதல்ல, வளரவிடாமல் நிறுத்துவது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நின்றுவிடுகிறது. முகம் கோணுவது மிக அரிது. ஆனால் கொடுத்த ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் கட்டி பெரிதாகத் தெரியலாம். உள்ளே செல்கள் இறந்து வீங்குவதுதான் அது, பின்னர் பெரும்பாலும் தானே வற்றும். இதை அறியாமல் ‘சிகிச்சை தோற்றுவிட்டது’ என்று அந்த நேரத்தில் அறுவைக்கு ஓடுவது வீண் வேலை. ஸ்கேனில் கட்டியின் நடுப்பகுதி கறுத்துப்போயிருந்தால் வீக்கம் என்று எண்ண இடமுண்டு. இரண்டு மூன்று ஸ்கேன் பார்த்தபின்தான் தீர்ப்பு. இன்னொரு எல்லை: கட்டி இரண்டரை, மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் அந்த வீக்கத்தையே மூளைத்தண்டு தாங்காது. அதற்கு மேல் இந்த வழி பெரும்பாலும் அடைபடும்.

காத்திருப்பதா, இப்போதே கதிரா என்பதற்கு நார்வேயில் பெர்கன் நகர மருத்துவமனை நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட, இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியுள்ள 100 பேரைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு ஆண்டு முடிவில், உடனே கதிர் பெற்றவர்களின் கட்டிக் கன அளவு சராசரியாகச் சற்றுச் சுருங்கியிருந்தது. காத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தது. ஆனால் காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த நான்கு ஆண்டில் எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. கேட்பதிலும், சமநிலையிலும், வாழ்க்கைத் தரத்திலும் இரு அணிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 56 வயதில் 9 மில்லிமீட்டர் என்றால் என் சாய்வு காத்திருப்பதன் பக்கம், வளர்ச்சி தெரிந்த அன்றே கதிர். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் ஒரு மாதம் தூக்கம் கெடுபவர் என்றால் முதலிலேயே கதிரை எடுத்துக்கொள்வதையும் குறை சொல்ல முடியாது. ஒழுங்காக மறு ஸ்கேனுக்கு வரமாட்டார் என்று தெரிந்தவருக்குக் காத்திருக்கும் வழியே பொருந்தாது.

இதே அறிக்கையில் 32 மில்லிமீட்டர், மூளைத்தண்டை அழுத்துகிறது என்று வந்திருந்தால் பேச்சே மாறிவிடும். அங்கே அறுவைதான். காதுக்குப் பின்னாலிருந்து மண்டை ஓட்டில் சிறு சன்னல் திறந்து சிறுமூளையை ஒதுக்கிப் போவது ஒரு பாதை. உள்காதையே குடைந்து போவது மற்றொன்று. அதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் முழுவதும் போய்விடும், ஆனால் சிறுமூளையைத் தள்ள வேண்டியதில்லை. காது ஏற்கெனவே பயனற்றது என்றால் இழக்க ஒன்றுமில்லை. பெரிய கட்டியில் முக நரம்பு நூல் போல இருக்காது, கட்டியின் உறைமேல் ஈரக் காகிதம் ஒட்டியதுபோல் தட்டையாகப் பரவிக் கிடக்கும், கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் கண்ணிமைத் தசையிலும் உதட்டுத் தசையிலும் ஊசி மின்முனைகளைச் செருகி வைத்து, மருத்துவர் நுனிக்கருவியால் மெல்லிய மின்சாரம் கொடுத்துத் தொட்டுத் தொட்டுப் போவார். நரம்பு பட்டால் எந்திரம் சத்தமிடும். நரம்போடு பிரிக்க முடியாமல் ஒட்டிய கடைசித் தோலை அங்கேயே விட்டுவிட்டு, பிறகு ஸ்கேனில் கண்காணித்து, வளர்ந்தால் கதிர் கொடுப்பதுதான் இன்று பல இடங்களில் நடப்பது. ‘கொஞ்சம் விட்டுவிட்டார்கள்’ என்று கேள்விப்பட்டால் அதைக் கைவேலைக் குறையாக எண்ண வேண்டாம். முகத்தைக் காப்பாற்றக் கொடுத்த விலை அது.

அறுவைக்குப் பின் முதல் சில நாள் கடும் தலைசுற்றல் இருக்கும், மிச்சமிருந்த சமநிலை நரம்பு ஒரேயடியாகப் போவதால். எழுந்து நடக்க நடக்கத்தான் மூளை பழகும். படுத்தே கிடந்தால் தாமதமாகும். குனியும்போது மூக்கில் தண்ணீராக ஒழுகினால் சளி என்று விடக் கூடாது, அது மூளை நீர்க் கசிவாக இருக்கலாம், காய்ச்சல் வருமுன் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். கண் முழுவதும் மூடவில்லை என்றால் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பும் ஒட்டுப்பட்டையும். கருவிழி காய்ந்தால் புண்ணாகிப் பார்வைக்கே வினை.

கேட்காத காதுக்கு எந்த வழியில் போனாலும் உதவி உண்டு. அந்தப் பக்கத்துச் சத்தத்தை ஒரு சிறு மைக் எடுத்து நல்ல காதுக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் கிராஸ் கருவி இருக்கிறது. இரு காதுச் செய்தி இல்லாததால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் அதிலும் தெரியாது. சாலையைக் கடக்கும்போது இதை நினைவுபடுத்துங்கள்.

ஸ்கேன் தேதி சில வாரம் தள்ளியிருந்தால், இப்படி மெதுவாகக் குறைந்த காதுக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அந்தப் பக்கத்துக் கன்னம் மரத்துப்போவது, முகம் கோணுவது, நடை அகன்று தள்ளாடுவது, காலையில் தலைவலியோடு வாந்தி அல்லது பார்வை மங்கல், இவற்றில் ஒன்று வந்தாலும் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டு காதிலும் கட்டி என்றோ, முப்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்குக் கட்டி என்றோ வந்தால் மட்டும் என்.எஃப்.2 என்ற பரம்பரைக் கோளாறுக்கு மரபணுச் சோதனையும் குடும்பத்தினருக்குப் பரிசோதனையும் தேவைப்படும். உங்கள் அப்பாவின் வயதில், ஒரு பக்கம் மட்டும் என்றால் பொதுவாகப் பிள்ளைகளுக்கு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.